சுங்கக் கூடத்தைத் தாண்டுமுன் பதிந்துவிடுங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து சிங்கப்பூர் வழியாக ஜகார்த்தா திரும்பிய அந்தத் தம்பியின் பதிவையும், அதன் கீழே நம்மவர்கள் எழுதியவற்றையும் படித்துவிட்டு இரண்டு நாட்களாக மனம் ஆறவில்லை. மனைவிக்காக வாங்கி வந்த புதிய போனில் உள்ளூர் சிம் வேலை செய்யவில்லை என்றுதான் அவர் கேட்டிருந்தார். அதற்கு வந்தவற்றில் பாதி கேலி, மீதி "வரி ஏய்த்தால் இப்படித்தான்" என்ற தீர்ப்பு. அவர் எதையும் ஒளித்து எடுத்து வரவில்லை. "நீ வெளிநாட்டுக்காரன், ஐஎம்இஐ என்ற போன் அடையாள எண்ணைப் பதிவதெல்லாம் இந்தோனேசியர்களுக்குத்தான்" என்று நம்மில் ஒருவர் சொன்னதை நம்பி, சுங்க அறிவிப்பில் போனைக் குறிப்பிடாமல் வெளியே வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த அறிவுரை எங்கே தவறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பயணியாக வருகிறவர் உள்ளூர் சிம் வாங்கும்போது, தொலைபேசி நிறுவனமே அவருடைய போனை 90 நாட்களுக்குப் பதிந்து கொடுக்கும். ஊர் சிம்மை ரோமிங்கில் பயன்படுத்தினால் எந்தப் பதிவும் தேவையில்லை. கித்தாஸ் என்ற தங்கும் அனுமதி வைத்துக்கொண்டு இங்கேயே வேலை செய்து வாழும் நாம் சுற்றுலாப் பயணிகள் அல்லர். வெளிநாட்டில் வாங்கிய போனை இங்கே தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால், கடவுச்சீட்டின் நிறம் எதுவாக இருந்தாலும், பெயா சுக்காய் எனும் சுங்கத் துறையில் பதிந்தே ஆக வேண்டும். 2020 ஏப்ரல் 18 முதல் நடப்பில் உள்ள விதி இது.

பதிவதற்கான இடம் விமான நிலையத்தின் சுங்கக் கூடம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். பயணி ஒருவருக்கு, ஒரு வருகைக்கு, 500 அமெரிக்க டாலர் மதிப்பு வரை தீர்வை விலக்கு உண்டு. அந்தக் கூடத்தைத் தாண்டிவிட்டால், போனைப் பொறுத்தவரை அந்த விலக்கு போய்விடும். வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஏதாவது ஒரு சுங்க அலுவலகத்துக்குப் போய்ப் பதியலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்போது போனின் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும். 60 நாட்களும் கடந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பிறகு அந்தப் போனில் உள்ளூர் சிம் இயங்காது, வைஃபை மட்டும்தான்.

தம்பியின் போனையே 1,000 டாலர் மதிப்பு என்று வைத்து, 2024இல் இருந்த விகிதங்களில் கணக்கிட்டுப் பாருங்கள். விமான நிலையத்திலேயே பதிந்திருந்தால் 500 கழிந்து, மீதி 500 டாலருக்குத்தான் வரி. இறக்குமதித் தீர்வை 10 சதவீதம், அதாவது 50 டாலர். தீர்வையையும் சேர்த்த 550 டாலருக்கு மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதம், அதாவது 60.50 டாலர். அதே 550க்கு வருமான வரி 10 சதவீதம், 55 டாலர். மொத்தம் 165.50 டாலர், ஏறத்தாழ 26 லட்சம் ருப்பியா. இப்போது அவர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்தால் இதே கணக்கு 1,000 டாலரிலிருந்து தொடங்கும். மொத்தம் 331 டாலர், சரியாக இரண்டு மடங்கு. இதுவும் என்பிடபிள்யூபி வரி எண் உள்ளவருக்குத்தான். அந்த எண் இல்லாதவருக்கு அதே விகிதங்களில் வருமான வரி 20 சதவீதம். ஏமாற்ற நினைத்தவருக்கும் தவறான தகவலை நம்பியவருக்கும் இங்கே கிடைக்கும் பில் ஒன்றுதான் என்பதால்தான், அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்மீது எனக்கு இத்தனை கோபம்.

"விமான நிலையத்தில் இதற்கெல்லாம் யார் நிற்பது?" என்று கேட்பீர்கள். போன வருடம் என் தங்கை வீட்டுக்காரர் அம்மாவுக்கு ஒரு போன் கொண்டு வந்தபோது, விமானம் ஏறுமுன்பே, அப்போது நடப்பில் இருந்த ecd.beacukai.go.id தளத்தில் சுங்க அறிவிப்பை நிரப்பச் சொன்னேன். மாப்பிள்ளை *#06# அழுத்தி, திரையில் வந்த 15 இலக்க எண்கள் இரண்டையும் உள்ளிட்டார். இரண்டையும் என்று அழுத்திச் சொல்கிறேன். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு, ஒரு சிம் இ-சிம்மாக இருந்தாலும் அப்படியே. ஒன்றை மட்டும் பதிந்தால் மற்ற சிம்முக்குச் சிக்னல் வராது, போன் பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைவோம். இறங்கியதும் கியூஆர் குறியீடு, கடவுச்சீட்டு, விமான அனுமதிச்சீட்டு, வாங்கிய ரசீது ஆகியவற்றை அதிகாரியிடம் காட்டினார். அந்த அதிகாரி பொறுமையாகக் கணக்கை விளக்கிக் கட்டணக் குறியீடு கொடுத்தார், மாப்பிள்ளை வங்கிச் செயலியில் கட்டினார். பெட்டி வருவதற்குக் காத்திருந்த நேரத்தைவிட இது அதிகமாகிவிடவில்லை. ரசீது இல்லாதவர்கள் மட்டும் கவனியுங்கள்: மதிப்பை அப்போது அதிகாரியே நிர்ணயிப்பார், நீங்கள் தள்ளுபடியில் வாங்கியதை நிரூபிக்க வழியிருக்காது.

"இந்த அரசின் ஆட்களே நேர்மையாக இல்லாதபோது நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். 1,91,000க்கும் மேற்பட்ட போன்கள் தேசியத் தரவுத்தளத்தில் முறைகேடாகப் பதியப்பட்டதை 2023 ஜூலையில் காவல்துறையே வெளியிட்டது. சந்தேக நபர்களில் அரசு ஊழியர்களும் இருந்தார்கள். ஆனால் அதே செய்தியில், அந்தப் போன்களை முடக்கப் போவதாகவும் சொன்னார்களே. காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்த போனுக்குத்தானே அந்த நிலை?

"ஏஜென்ட் பாதி விலைக்கு அன்லாக் செய்து தருவார்" என்று தம்பிக்கு வழி காட்டியவருக்கும் இதுவே என் பதில். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார். சில வாரங்கள் எல்லாம் நன்றாக இருந்தது, மூன்று மாதம் ஆனதும் சிக்னல் போய்விட்டது. சுற்றுலாப் பயணிக்கான 90 நாள் பதிவைத்தான் அவருக்கு விற்றிருக்கிறார்கள். கொடுத்த பணமும் போய், 60 நாள் கெடுவும் போய், இப்போது பிள்ளைகள் படம் பார்க்க அந்தப் போனை வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வழியைப் பொதுவெளியில் சொல்ல எப்படி மனம் வருகிறது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஐபோன் 16 2025 ஏப்ரல் வரை இங்கே விற்பனைக்கு வராததால், சிங்கப்பூர் போன ஒவ்வொருவரிடமும் "எனக்கும் ஒன்று" என்று நாம் சொல்லி அனுப்பினோம். பயணி எடுத்து வரும் போன் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, விற்பனைக்கு அல்ல என்று தொழில் அமைச்சகம் அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தது. ஒரு வருகையில் ஒருவர் பதியக்கூடியவை அதிகபட்சம் இரண்டு கருவிகள். 500 டாலர் விலக்கு ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகக் கிடைக்காது. அந்தப் பயணி புதிதாக வாங்கி வரும் காலணி, கைப்பை எல்லாம் சேர்ந்தே அந்த 500. உங்களுக்காக இரண்டாவது போனை எடுத்து வருகிறவர், தன் போனுக்கான விலக்கையும் உங்களோடு பங்கிட்டு, கவுண்டரில் கேள்விகளுக்கும் பதில் சொல்லி நிற்கிறார். ஊர் வந்த பிறகு போனின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு, தீர்வையைப் பற்றிப் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். தம்பியைக் கேலி செய்தவர்களில் அவர்களும் இருந்தது என்னை மிகவும் வருத்தியது.

தம்பிக்கு: கெடு இன்னும் முடியவில்லை. ரசீதையும் கடவுச்சீட்டையும் விமான அனுமதிச்சீட்டையும் வரி எண்ணையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே சுங்க அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கட்டிய பிறகு பெயா சுக்காய் தளத்தின் ஐஎம்இஐ சரிபார்ப்புப் பக்கத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். இரண்டுமே பதிவானதாகக் காட்டும்வரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் வருகிறேன்.