100 Mbps என்பது குழாயின் அளவு மட்டும்தான்
"100 Mbps பிளான் போட்டிருக்கேன், கேம் டவுன்லோடு 4 MB/s-தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?"

முதலில் கணக்கைப் பாருங்கள். Mbps என்பது பிட், MB/s என்பது பைட், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 Mbps லைனில் அதிகபட்சமே 12.5 MB/s, நடைமுறையில் 11 சொச்சம்தான் வரும். உங்கள் 4 MB/s என்றால் 32 Mbps. மீதி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பேண்ட்வித் என்பது லைன் தாங்கும் உச்சம், அதை வீட்டிலுள்ள எல்லா போனும் டிவியும் பங்கு போட்டுக்கொள்ளும், அனுப்புகிற சர்வரும் தன் பக்கம் ஒரு எல்லை வைத்திருக்கலாம்.

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். 90 Mbps-க்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை. அப்புறம் கேமோடு வேறொரு தளத்திலிருந்து இன்னொரு பெரிய ஃபைலையும் இறக்குங்கள். கேம் அதே 4 MB/s-இல் நிற்க, மற்றது தனியாக 5, 6 MB/s வந்தால் தடை அந்த கேம் சர்வரில். கேபிளில் சரி, வைஃபையில் மட்டும் குறைவு என்றால் வைஃபையை 5 GHz அலைவரிசைக்கு மாற்றுங்கள். மஞ்சக்குப்பம் மாதிரி வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் 2.4 GHz-இல் பக்கத்து வீட்டு சிக்னல்கள் மோதிக்கொண்டே இருக்கும். கேபிளிலேயே, அதுவும் இரவு 9 மணிக்கு மட்டும், 30 Mbps-க்கு இறங்கினால் கம்பெனிக்காரரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.