விளம்பர ரீல் யாருக்குச் சொந்தம்? உண்மை விளக்கம்

பிராண்டுக்காக ரீல் எடுக்கும் படைப்பாளர்களிடையே உள்ள ஒரு நம்பிக்கை: "ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் நான் எடுத்த ரீல் எனக்குத்தான் சொந்தம், பிராண்ட் அதை மறுபடி பயன்படுத்த முடியாது."

இது தவறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டணம் பெற்று எடுக்கும் ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும், மாறான உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். படைத்தவருக்கே உரிமை என்ற பொதுவிதிக்கு இது விலக்கு. பலர் இந்த விலக்கைப் படிக்காமலே கையெழுத்திடுவது வருத்தத்துக்குரியது.

தியாகராய நகர்ப் புடவைக் கடை ஒன்று 20,000 ரூபாய்க்கு ஒரு ரீல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீல் எண்ணிக்கையையும் வெளியிடும் தேதியையும் மட்டும் பேசி முடித்தால், தீபாவளி நேரத்தில் கடை அதையே கட்டண விளம்பரமாக ஓட்டினாலும் தடுப்பது கடினம். ஆகவே, "பதிப்புரிமை படைப்பாளரிடமே இருக்கும், கடை தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 90 நாள் பயன்படுத்தலாம், கட்டண விளம்பரத்துக்கும் பேனருக்கும் தனித்தொகை உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல் உரிமம் கொடுத்தால், சட்டம் அதை 5 ஆண்டு என்றும், எல்லையைச் சொல்லாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளும்.

பணம் இழுபடுவதே அடிக்கடி எழும் சிக்கல் என்பதால், முழுத்தொகையும் கணக்கில் வந்த பிறகே உரிமம் தொடங்கும் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். வேறு புடவைக் கடைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று கடை விதிக்கும் தடையும் அந்த 90 நாளைத் தாண்டாதபடி எழுதிக்கொள்ள வேண்டும்.