கண்ணாடியை ஏற்றினால் புகை போய்விடுமா?

"கண்ணாடிய ஏத்திவிட்டா சரியாப் போச்சு, இதுக்குப் போயி எதுக்கு இத்தனை பேச்சு" என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தக் கண்ணாடி? காரா, டவுன் பஸ்ஸா, ஆட்டோவா? உள்ளே எத்தனை பேர்? ஏசியில் எந்தப் பட்டன் போட்டிருக்கிறது? இது எதையும் கேட்காமல், மதுரையில் சிம்மக்கல்லில் இருந்து கோரிப்பாளையம் வரை ஜாமில் வண்டிப் புகையைக் குடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகிற அத்தனை பேருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மருந்து ஒரு வண்டியில் நன்றாக வேலை செய்யும், இன்னொன்றில் நிலைமையை மோசமாக்கும், மூன்றாவதில் ஏற்றுவதற்குக் கண்ணாடியே கிடையாது.

முதலில் காரைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் காப்பாற்றிக்கொள்ளும் வசதி கையிலேயே இருந்தும் பயன்படுத்தாமல் புகை குடிக்கிறவர்கள் காரில்தான் அதிகம். போன மாதம் எங்கள் சித்தப்பா காரில் யானைக்கல் பக்கம் பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். நாலு கண்ணாடியும் ஏற்றி, ஏசி போட்டு, முன்னால் ஒரு பழைய டீசல் பஸ். உள்ளே அப்படி ஒரு டீசல் நெடி, பின் சீட்டில் சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "எல்லாந்தான் மூடியிருக்கு, இது எங்கிட்டு இருந்துப்பா வருது?" என்று சித்தப்பா ஜன்னல் ஜன்னலாகத் தடவிப் பார்க்கிறார். அது ஜன்னல் வழியாக வரவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு ஜாலி இருக்கும் பாருங்கள், அதுதான் காரின் மூக்கு. ஏசியை வெளிக்காற்று முறையில் விட்டிருந்தால், ப்ளோயர் அந்த ஜாலி வழியாகத்தான் காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளும். ஜாமில் அந்த மூக்குக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது? முன்வண்டியின் புகைக்குழாய். கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகையை நாமே ஃபேன் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறோம்!

ஏசி பொத்தான்களோடு ஒன்றாக, கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டு ஒரு பட்டன் இருக்கும். ரீசர்குலேஷன். பழைய வண்டிகளில் பட்டனுக்குப் பதிலாக இடமும் வலமும் தள்ளுகிற குமிழ். அதை அழுத்தினால் வெளி ஜாலியின் வழி அடைபட்டு, உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். அன்றைக்கு அதை அழுத்திய கொஞ்ச நேரத்தில் நெடி குறைந்துவிட்டது. சித்தப்பா அந்தக் காரை வருஷக்கணக்காக ஓட்டுகிறார், விற்றவரும் சொல்லவில்லை, சர்வீஸ் செய்கிறவரும் சொல்லவில்லை. சீட் கவர் போடச் சொல்லி அத்தனை தடவை போன் செய்யத் தெரிகிறது, இந்த ஒரு பட்டனைச் சொல்லித்தர ஒருவருக்கும் வாய் வரவில்லையே என்றுதான் என் கொதிப்பு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் சிக்னல் சந்திப்புகளில் காருக்குள் கருவி வைத்து அளந்து 2016-இல் வெளியிட்டார்கள்: கண்ணாடியை மூடி, ஃபேனையும் நிறுத்தினால் உள்ளே வரும் துகள்களின் பாதிப்பு 76 சதவீதம் வரை குறைகிறது, ஃபேன் வேண்டுமென்றால் ரீசர்குலேஷனில் போடுவதுதான் நல்லது. அதே குழு பிறகு பத்து நகரங்களில் அளந்தது, நம் சென்னையும் அதில் ஒன்று. ஜன்னல் திறந்திருந்தால் அதிகம், ரீசர்குலேஷனில் குறைவு என்ற அதே முடிவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். முன் கண்ணாடி பனிமூட்டம் போடும்போது அதைப் போக்கும் பட்டனை அழுத்துவோமே, பல கார்களில் அதை அழுத்தினால் ரீசர்குலேஷன் தானாகவே அணைந்து வெளிக்காற்று திறந்துகொள்ளும். மழை நாள் ஜாமில் திடீரென்று புகை நாறினால் முதலில் ரீசர்குலேஷன் பட்டனின் விளக்கைப் பாருங்கள்.

சரி, அப்படியே போட்டுவிட்டுக் கொடைக்கானல் வரை போய்விடலாமா என்றால், அதுவும் கூடாது. ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். சின்னக் காரின் உள்ளே மொத்தக் காற்றே ஏறக்குறைய 3,000 லிட்டர்தான். நாலு பேர் கால் மணி நேரம் மூச்சு விட்டால் 18 லிட்டர் சேர்ந்துவிடுகிறது, அதாவது பத்து லட்சத்துக்கு 6,000 பங்கு. வெளிக்காற்றில் இருப்பதோ 420 பங்கு மாதிரி. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பே 5,000. கதவு இடுக்கு வழியாகக் கசிவது போக நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் நிற்கிற வண்டியில் கசிவும் கொஞ்சம்தான். தலை பாரமாவது, கண் சொக்குவது எல்லாம் அதனாலும் இருக்கலாம். அதனால் ஜாமில் போட வேண்டும், பாலம் தாண்டி ரோடு விட்டதும் இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அவகாசம் கூடுதல், குடும்பத்தோடு போகிறவருக்குக் குறைவு.

அப்புறம் ஃபில்டர் இருக்கிறதே என்பார்கள். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் சாதாரண ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கரி சேர்த்த ஃபில்டர் நெடியையும் சில வாயுக்களையும் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அதுவும் தடுக்காது. அதற்கு நெடியும் கிடையாது. எனவே உங்கள் வண்டியிலேயே சைலன்ஸர் ஓட்டையாகவோ டிக்கி ரப்பர் கிழிந்தோ இருந்தால், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்காருவது ஆபத்து. ரீசர்குலேஷன் போட்டும், சுற்றிலும் ஒரு வண்டியும் இல்லாத இடத்திலும் உள்ளே புகை நெடி வந்தால் அது உங்கள் வண்டியின் புகைதான். கண்ணாடியை இறக்கிவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். என் வயிறு எரிவதே இங்கேதான். நம் டவுன் பஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், பயணிகளோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு போனட் மூடி, அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை, கியர் கம்பி இறங்குகிற ஓட்டைக்கு ஒரு ரப்பர் உறை. அந்தப் பட்டையும் உறையும் புதுசாக இருக்கிறவரை பரவாயில்லை. பிய்ந்துபோன பிறகு? நான் அடிக்கடி ஏறுகிற பஸ்ஸில் அந்த ஓட்டையில் பழைய சாக்கைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். சாக்கின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு மசி. போனட்டை ஒட்டிய சீட்டில் ஒரு அம்மா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்து வருகிறார். மழை வந்தால் கண்டக்டர் "ஷட்டர இறக்குங்க, ஷட்டர இறக்குங்க" என்று கத்துவார், எல்லோரும் இறக்குவோம், ஐந்து நிமிடத்தில் கண் எரியும். வெளிப்புகை தெருவோடு நிற்கிறது, பஸ்ஸின் சொந்தப் புகையோ உள்ளே மாட்டிக்கொள்கிறது.

இதையும் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிப் பேருந்துகளில், பஸ்ஸின் புகையோடு சுவடு காட்டும் வாயு ஒன்றைக் கலந்துவிட்டு, அது உள்ளே எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். அப்படிச் செய்தால்தான் மற்ற வண்டிப் புகையையும் சொந்தப் புகையையும் பிரிக்க முடியும். எல்லா பஸ்ஸிலும் சொந்தப் புகை உள்ளே வந்தது, பழைய பஸ்களில் அதிகம், ஜன்னலை மூடியபோது இன்னும் அதிகம். ஆக, கசிகிற பஸ்ஸில் "கண்ணாடிய ஏத்துங்க" என்பது தப்பான யோசனை. அங்கே திறந்துதான் வைக்க வேண்டும், எதிர்ப் பக்க ஜன்னலையும் சேர்த்து, காற்று குறுக்கே ஓட. பஸ் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம். மாட்டுத்தாவணியில் பக்கத்தில் வண்டி ஸ்டார்ட்டில் இல்லாத நேரம் டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நெடி முன்பக்கமிருந்து குப்பென்று வருகிறதா என்று பாருங்கள், போனட் ஓரத்தில் விரலை வைத்தால் மசி ஒட்டுகிறதா என்று பாருங்கள். வந்தால் பின்னால் நகர்ந்து நடு வரிசையில் உட்காருங்கள். ரப்பர் பட்டைக்கு என்ன பெரிய செலவு? நாள் முழுக்க அந்தப் புகையில் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவரைக்கூட நினைத்துப் பார்க்காத பராமரிப்பு அது. முன் படியில் கதவே இல்லாத பஸ்ஸில் ஜன்னலைப் பற்றி விவாதம் செய்வதே வீண் என்பது தனிக்கதை.

ஆட்டோவுக்கு வந்தால் மூடுவது என்ற பேச்சே கிடையாது. மழைக்குக் கட்டுகிற ரெக்சின் படுதா புகையைத் தடுக்காது. 2010-இல் டெல்லியில் ஆட்டோவுக்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, நகரின் பொதுக் காற்றில் இருந்ததைவிடக் கரித்துகள் மூன்று மடங்குக்கும் மேல், மிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஊர்க்காற்றின் தரம் என்று பலகையில் போடுகிற எண்ணை வைத்துக்கொண்டு "மதுரையில காத்து பரவாயில்லை" என்று பேசுகிறார்களே, அந்த எண் ஆட்டோவின் பின்சீட்டில் எடுத்தது அல்ல.

ஆட்டோக்காரர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, எங்கே நிற்பது என்பது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புகைக்குழாய் கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ இருக்கக் கூடாது. வண்டியின் நீள வாக்கில் பின்பக்கமாகவோ, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தோதான் இருக்க வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பஸ்ஸின் வலது பின்மூலையில் ஒரு சந்து கிடைத்தால் ஆட்டோவின் மூக்கை அதில் நுழைத்து, பின்னால் இருக்கிற நாலு பேரின் முகத்தையும் குழாய்க்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கொஞ்சம் பின்தங்கி, ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு நின்றால் அந்தப் புகை விரிந்து கலைந்த பிறகுதான் நம்மிடம் வரும். இடைவெளி விட்டால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். நான் ஆட்டோவில் ஏறினால் இப்போதெல்லாம் "அண்ணே, பஸ்ஸுக்கு வலது பக்கமா நிக்காதீங்க, கொஞ்சம் பின்னாடியே இருங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஜாம் அசையாது என்று தெரிந்தால் இன்ஜினை அணைக்கவும் சொல்கிறேன். முறைக்கிறவர்களும் உண்டு, சரி என்று அணைக்கிறவர்களும் உண்டு. கைக்குட்டையும் துப்பட்டாவும் அந்த நுண்துகளுக்குப் பெரிதாக உதவாது, முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற என்95 மாஸ்க் உதவும், வாயுவுக்கு அதுவும் உதவாது.

ஏசி காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டனைப் போட்டு உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் உங்கள் உள்ளே குளிர்வதற்காக நிற்கிற வண்டியில் ஓடுகிற இன்ஜினின் புகை பக்கத்தில் நிற்கிற ஆட்டோவுக்குள் போகிறது. கோரிப்பாளையத்தில் பத்து நிமிடம் நகராது என்று கண்ணுக்கே தெரியும்போது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போது, சாவியைத் திருப்பி அணையுங்கள்.