எஃப்.டி.யை வாங்கிப் பூட்டத் தெரிகிறது, உண்மையைச் சொல்ல வாய் வருவதில்லையா?

மாதாமாதம் சம்பளம் வருகிறது, யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. ஆனாலும் எந்த வங்கியும் கிரெடிட் கார்டு தர மாட்டேன் என்கிறது. காரணம் கேட்டால் ‘உங்களுக்கு சிபில் இல்லையே’ என்கிறார்கள். இதுவரை கடனே வாங்காதவருக்கு சிபில் என்ற அந்தக் கடன் மதிப்பெண் எங்கிருந்து வரும்? பழைய கடன் ஒன்றை, முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த தொகையில் ‘செட்டில்’ செய்தவர்களுக்கும் இதே கதவடைப்புதான். ஒரு வங்கி மறுத்ததும் அடுத்த வங்கி, அதுவும் மறுத்ததும் இன்னொன்று என்று அலைகிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகிறது. அடுத்தடுத்து நாலைந்து விசாரணைகளைப் பார்க்கும் வங்கி, இவர் கடனுக்குத் தவிக்கிறார் என்று முடிவு கட்டிவிடும்.

எஃப்.டி. போட்டால் அதன் பேரில் கார்டு தருகிறோம் என்று முதல் கவுன்டரிலேயே சொல்லியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. சொல்வதில்லை. நாமாகக் கேட்டுப் போனால் மட்டும் முகம் மலர்கிறது. ‘உங்க பணம்தானே சார், பயமே இல்லை, கையெழுத்துப் போடுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கோபம் வருவதே அந்த ‘பயமே இல்லை’யைக் கேட்டுத்தான். ஏமாந்து போகிற இடங்கள் மூன்று இருக்கின்றன, மூன்றையும் கவுன்டரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

முதலாவது கார்டின் வரம்பு. ஒருவர் 20,000 ரூபாய்க்கு எஃப்.டி. போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 80 சதவீதத்தை வரம்பாகக் கொடுத்தால் 16,000 ரூபாய். (வரி விலக்குக்காகப் போடும் 5 ஆண்டு எஃப்.டி.யை அடமானம் வைக்க முடியாது, சாதாரண எஃப்.டி.தான் வேண்டும்.) மளிகை, பெட்ரோல், மின் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய்க்கு கார்டைத் தேய்க்கிறார். 5-ஆம் தேதி பில் வருகிறது, 25-ஆம் தேதி கெடு, 24-ஆம் தேதியே முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். வட்டி ஒரு பைசா கிடையாது. அப்படியும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறியிருக்காது. ஏன்? சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்கு வங்கி அனுப்புவது பில் தேதியையோ, தகவல் அனுப்பும் நாளையோ ஒட்டி நிற்கும் பாக்கியை. அந்த நேரத்தில் 16,000-க்கு 12,000 பாக்கி என்றால் 75 சதவீதம். கழுத்து வரை கடனில் இருப்பவரின் கணக்கு போலத்தான் அது தெரியும். இருபது நாளில் முழுதாகக் கட்டிவிட்டார் என்பதால் அந்த 75 அழிந்துவிடாது.

இதற்கு வழி இருக்கிறது. பில் தேதிக்கு மூன்று நாள் முன்பாகவே 9,500 ரூபாயைக் கட்டிவிட்டால் பில்லில் 2,500 மட்டும் நிற்கும், பயன்பாடு 16 சதவீதத்துக்குள் இறங்கிவிடும். பணம் கார்டில் வரவாக ஓரிரு நாள் ஆகலாம், அதனால்தான் மூன்று நாள். முன்கூட்டிக் கட்டுவது தொல்லை என்பவர், எஃப்.டி. போடும்போதே கணக்குப் போட வேண்டும். 12,000 செலவு, பொதுவாகச் சொல்லப்படும் 30 சதவீத எல்லைக்குள் அடங்க 40,000 ரூபாய் வரம்பு வேண்டும், அதற்கு 50,000 ரூபாய் எஃப்.டி. வேண்டும். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய கணக்கு இது. ஒருவரும் சொல்வதில்லை. ‘குறைஞ்சபட்சம் இவ்வளவு போட்டாப் போதும் சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டாவதுதான் மிக மோசம். ‘கட்டாவிட்டால் எஃப்.டி.யில் எடுத்துக்கொள்வார்கள், நமக்கென்ன’ என்ற நினைப்பு. எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான், ஆனால் உடனே எடுக்க மாட்டார்கள். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனாலே தவணை தவறியதாகத் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லவும், தாமதக் கட்டணம் போடவும் ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. தாமத நாட்களையோ கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள். வங்கி அதன் பிறகும் காத்திருந்து, வட்டியையும் அபராதத்தையும் ஏற விட்டு, பிறகுதான் எஃப்.டி.யை உடைக்கும். முதிர்வுக்கு முன் உடைப்பதால் எஃப்.டி. வட்டியும் குறையும். வங்கிக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. ஆனால் அறிக்கையில் 30 நாள், 60 நாள் தாமதம் என்ற பதிவு 36 மாதங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். சிபில் வேண்டும் என்று வாங்கிய கார்டே சிபிலைக் கெடுத்துவிடும். அடமானம் காப்பது வங்கியின் பணத்தை மட்டும்தான், நம் பெயரை அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு வராது, ஆனால் பர்ஸ் காலியாகும். 12,000 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம், அதாவது 600 ரூபாய் கட்டுகிறார். மீதி 11,400-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 399 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 72 ரூபாய், ஆக 470-க்கு மேல். வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அதே மாதம் அவருடைய 20,000 ரூபாய் எஃப்.டி. ஆண்டுக்கு 6.5 சதவீதத்தில் ஈட்டித் தருவது 108 ரூபாய். தன் பணத்தைக் குறைந்த வட்டிக்கு வங்கியிடம் கொடுத்துவிட்டு, அதே வங்கியிடம் பல மடங்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகிப் பணம் எடுத்தால் எடுத்த நிமிடமே வட்டி தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு. அந்தப் பக்கமே போகக் கூடாது.

மூன்றாவது, வெளியே வரும் வழி. ஒழுங்காகக் கட்டி, மதிப்பெண் ஏறி, அடமானம் இல்லாத கார்டு கிடைத்த பிறகு இதை மூடப் போனால் அலைக்கழிப்பு தொடங்கும். கார்டு பிரிவைக் கேட்டால் கிளைக்குப் போகச் சொல்வார்கள், கிளையில் கேட்டால் கார்டு பிரிவிலிருந்து தகவல் வரவில்லை என்பார்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டாயிற்று. அந்த 500 ரூபாயை வாய்விட்டுக் கேட்பவர்தான் இல்லை.

மூடச் சொல்வதற்கு முன் கார்டில் ஓடும் தானியங்கிக் கட்டணங்களை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஓ.டி.டி. சந்தா ஒன்று புதிதாக விழுந்தாலும் ‘பாக்கி இருக்கிறது’ என்று விண்ணப்பம் நின்றுபோகும். போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள், அந்தத் தேதிதான் உங்கள் சாட்சி. கார்டு மூடியதும் லியன், அதாவது எஃப்.டி. மேல் வங்கி போட்டு வைத்திருக்கும் அடமானப் பிடிப்பு, தானாக நீங்கிவிடும் என்று நம்பாதீர்கள். லியனை நீக்கச் சொல்லி அதே கடிதத்தில் தனியாக எழுதுங்கள். பிறகு நெட் பேங்கிங்கில் அந்த எஃப்.டி.யைத் திறந்து, லியன் தொகை பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யமாகாத வரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் போடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நாளுக்கு 500 ரூபாய் என்ற கணக்கையும் மறக்காமல் அதில் எழுதுங்கள்.