கையெழுத்து இருந்தால் 1890களின் அச்சா?

வீட்டில் இருக்கும் ரவி வர்மா லட்சுமி படத்தைக் காட்டிப் பலர் சொல்வது: "கீழே ரவி வர்மா கையெழுத்து இருக்கு, தாளும் பழுத்திருக்கு, அப்போ 1890கள் ஒரிஜினல்தான்."

இல்லைங்க. கையெழுத்து ஓவியத்தோடு சேர்ந்து அச்சாவது, 2005இல் அச்சடித்தாலும் அப்படியேதான் வரும். மலிவான தாள் புகையிலும் வெயிலிலும் கொஞ்ச வருஷத்திலேயே பழுத்துவிடும்.

பத்து மடங்கு லென்ஸை லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சு என்றால் கையால் குத்திய புள்ளிகள், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, வரிசையே இருக்காது. ஒரே இடைவெளியில் பூப்பூவாகக் கோத்த புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சான ஆஃப்செட். "ஒழுங்கற்ற புள்ளி இருந்தாலே பழசு" என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி: பழைய கல்லச்சுப் படத்தையே போட்டோ எடுத்து ஆஃப்செட்டில் போட்டால், கைப்புள்ளிக்குள்ளேயே அந்தச் சீரான வலை தெரியும். என்னிடமே அப்படி ஒன்று ஏமாந்து வாங்கியது இருக்கிறது.

அப்புறம் ஃப்ரேமைக் கழற்றி, ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். ரவி வர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகுதான் லோனாவ்லா பக்கம் போனது. 'கார்லா-லோனாவ்லா' என்றிருந்தால் பம்பாய்க் காலத்து அச்சு இல்லை. ஃப்ரேம்காரர் ஓரத்தை வெட்டியிருந்தால் அந்த வழி போச்சு. தாள் புற ஊதா டார்ச்சில் பளிச்சென்று நீலமாக மின்னினால் 1950க்குப் பிந்தையது என்றே எடுத்துக்கொள்ளலாம், மின்னாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது.

பாட்டி வீட்டில் இருக்கும், ஓவியர் கொண்டைய ராஜு வரைந்த முருகன் படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அது சிவகாசிக் காலண்டர் வகை, வேறு கதை. அடியில் தேதித்தாள் தைத்த துளை இருக்கிறதா?