பொட்டாசியம் 3.0-ல் இன்சுலினை முந்த வேண்டாம்

“டி.கே.ஏ.-வில் பொட்டாசியம் 3.0 இருந்தாலும் இன்சுலினை உடனே தொடங்குங்க, கே.சி.எல். கூடவே ஓடட்டும்.”

டி.கே.ஏ., அதாவது சர்க்கரை நோயில் இரத்தம் அமிலமாகும் நெருக்கடி பற்றி நம் குழுவில் வந்த இந்த யோசனை ஆபத்து. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு அனுப்பும் நோயாளி என்று வையுங்கள்: 60 கிலோ, இரண்டு நாள் வாந்தி, சிறுநீர் போகிறது. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். பாம்பன் தாண்டுவதற்குள் இதயத் துடிப்பு தடம் புரளலாம்.

முதல் மணியில் ஒரு லிட்டர் நார்மல் சலைன், அதாவது இரண்டு 500 மி.லி. பாட்டில். ஒரு 10 மி.லி. கே.சி.எல். ஆம்பூலை (15 சதவீதம், 20 மில்லி ஈக்குவலன்ட்) பாதிப் பாதியாக இரண்டிலும் சேருங்கள். இரண்டிலும் முழு ஆம்பூல் போட்டால் மணிக்கு 40 ஆகிவிடும்; ஒன்றில் மட்டும் போட்டாலும் அந்தப் பாட்டில் அரை மணியில் ஓடினால் அதே வேகம்தான். சாதாரண நரம்பில் 20-க்கு மேல் போகாதீர்கள், அதுவும் ஈ.சி.ஜி. மானிட்டரோடு. தொங்கும் பாட்டிலில் மருந்தைச் சேர்க்காமல், இறக்கிக் கலந்து குலுக்குங்கள். இல்லாவிட்டால் அடியில் தங்கி மொத்தமாக ஏறும்.

இரண்டு மணி நேரத்தில் மறுபரிசோதனை. 3.5 தாண்டியதும் மணிக்கு 6 யூனிட் இன்சுலின். குழுவில் 3.3 போதும் என்ற தம்பி சொல்வது பழைய அளவுகோல், தவறென்று தள்ள மாட்டேன். மெக்னீசியம் பார்க்கச் சொன்ன அக்கா பாதி சரி: பொட்டாசியம் ஏற மறுத்தால் பாருங்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள். இளநீர் கேட்ட அண்ணே, வாந்தி நிற்கட்டும்.