ஒரே போனில் பலருக்கு டூ ஸ்டெப்: ஒரு திருத்தம்

“ஒரு போன்ல ஒருத்தருக்குத்தான் டூ ஸ்டெப் வைக்க முடியும், மத்தவங்க ஆஃப் பண்ணிடுங்க.”

இங்கே ஒருவர் இப்படி எழுதியிருந்தார். அப்படி இல்லைங்க. டூ ஸ்டெப் என்பது பாஸ்வேர்டோடு ஒரு எண்ணையும் கேட்கும் பாதுகாப்பு, தயவுசெய்து யாரும் அதை ஆஃப் செய்ய வேண்டாம். கூகுள் ஆதென்டிகேட்டர் மாதிரியான செயலியில் அம்மா, அப்பா, தம்பி மூவரின் கணக்குகளையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். ஒவ்வொருவரின் கணக்கிலும் டூ ஸ்டெப் அமைக்கும்போது காட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். வரிசையாக மூன்று ஆறு இலக்க எண்கள் தெரியும்.

மேலே ஒரு அண்ணன், இந்த எண் வர போனில் சிம் வேண்டும் என்றார். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணுக்கு அது சரி. செயலியோ, ஸ்கேன் செய்தபோது போனில் பதிந்த ரகசியக் குறியீட்டையும் நேரத்தையும் வைத்து எண்ணைத் தானே கணக்கிடுகிறது. நீங்களே பாருங்கள்: ஏர்பிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணையுங்கள். அப்போதும் 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். போனின் கடிகாரம் தவறாக இருந்தால் அந்த எண்ணை ஏற்காது.

ஆனால் போனைத் திறக்கத் தெரிந்த எல்லோருக்கும் எல்லா எண்களும் தெரியும். அதனால் அவரவர் பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் போனின் பிரௌசரில் சேமிக்காதீர்கள். போன் தொலைந்தால் மூவரும் மாட்டிக்கொள்வார்கள். கூகுள் கணக்கின் Backup codes பக்கத்தில் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தருவார்கள். அதை ஒவ்வொருவரும் தாளில் எழுதி, போனோடு சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

சிங்கப்பூர் அரசு சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் கணக்குக்கும் இது சரிவருமா என்று கேட்ட அக்காவுக்கு: அதற்குச் சொந்தச் செயலி இருக்கிறது, இந்த வழி அங்கே பொருந்தாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.